பன்னிரண்டாம் நாள் பூட்டு

போர்க்குழாயிலிருந்து தண்ணீருக்குப் பதில் காற்று வந்தபோது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம்தான். மோட்டார் போட்டு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. தொட்டியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் இரண்டு தடவை இருமியது, கொஞ்சம் செம்மண்ணைக் கக்கியது, நின்றுவிட்டது. ஓடிப்போய் ஸ்டார்ட்டரை அணைத்தேன். அணைத்ததும் தோட்டம் அமைதியானது. அந்த அமைதியில் வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு மோட்டார் சீராக ஓடுவது கேட்டது. கர்ணன் மோட்டார்.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் ரோட்டில், மலையடிவாரத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர்த் திராட்சை. என் வீட்டுக்காரர் இம்மானுவேல் டவுனில் உரக்கடையைப் பார்த்துக்கொள்கிறார். தோட்டம் என் பொறுப்பு. ஊருக்குள் என்னை ஜெபஷீலா என்று சொல்கிறவர்கள் குறைவு, தண்ணீர்ச் சங்கத்தின் செயலாளர் என்பதால் ‘செக்ரட்டரி அக்கா’ என்றால்தான் தெரியும். அந்தப் பட்டத்தில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு இருந்தது என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அன்று கொடியை வெட்டிக் கவாத்து முடிந்து எழுபதாவது நாள். காய் பருக்கிற நேரம். இந்தச் சமயத்தில் ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் தவறினால் காய் சுண்டிவிடும். அதற்குப் பிறகு ஆற்றையே கொண்டுவந்து ஊற்றினாலும் அந்தக் காய் திரும்பாது. பந்தலுக்குக் கீழே குனிந்து போய்ப் பார்த்தேன். கொத்துகள் பச்சையாகக் கல்லுக் கல்லாகத் தொங்கின. பதினான்கு வருடம் பிள்ளை மாதிரி வளர்த்த கொடி.

எங்களுக்குத் தண்ணீர் இரண்டு வழியில் வரும். ஒன்று சங்கக் குழாய். ஒன்பது வருடத்துக்கு முன்னால் பதினொரு பேர் சேர்ந்து, கீழே ஆற்றோரத்தில் ஒரு கிணறு வெட்டி, அங்கிருந்து மேட்டுக்குக் குழாய் பதித்தோம். கிணறு ஆற்றங்கரையில் இருப்பதால் ஊற்று விட்டுப்போவதில்லை. ஆளுக்கு ஒரு நாள் முறை. பதினொரு நாளில் பதினொரு பேருக்கும் பாயும். பன்னிரண்டாம் நாள் மோட்டாருக்கு ஓய்வு. பழைய மோட்டார் சூடேறி உள்ளே கம்பிச்சுருள் கருகும் என்பதால் அப்படி வைத்தோம். மூன்று வருடத்துக்கு முன்னால் புது மோட்டார் மாற்றிவிட்டோம், அதற்கு ஓய்வே தேவையில்லை. ஆனாலும் பன்னிரண்டாம் நாள் ஓய்வு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. வழக்கம் என்று ஆகிவிட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

இரண்டாவது வழி அவரவர் போர். கோடையில் பன்னிரண்டு நாளுக்கு ஒரு பாய்ச்சல் எந்தக் கொடிக்கும் பற்றாது. இடையில் போர்த்தண்ணீர் விட்டுத்தான் ஒப்பேற்றுவோம்.

கர்ணன் சங்கத்தில் இல்லை. குழாய் பதிக்கும்போது அவன் அப்பா தன் நிலத்தில் குழாய்ப் பள்ளம் வெட்ட விடமாட்டேன் என்று மண்வெட்டியோடு வந்து நின்றார். நாங்கள் அவர் நிலத்தைச் சுற்றி வளைத்துக் குழாயைக் கொண்டுபோனோம். அந்த வளைவால் எல்லோருக்கும் கூடுதல் செலவு. அதை நான் மறக்கவே இல்லை. அவர் இறந்த பிறகு, போன கோடையில் கர்ணன் வந்து கேட்டான். வாழைக்கன்று நட்டிருந்தான், சேர்வதற்கு என்ன தரவேண்டுமோ தருகிறேன் என்றான். யாருக்கும் இல்லாத பன்னிரண்டாம் நாளை மட்டும் கொடுத்தால் போதும் என்றான். புது ஆள் சேர்க்கப் பதினொரு பேரும் கையெழுத்துப் போடவேண்டும் என்பது சங்க விதி. விதியை எழுதியது நான். பத்துப் பேர் போட்டார்கள். பதினொன்றாவது கையெழுத்து என்னுடையது, நான் போடவில்லை.

அதற்கு மறுநாள் பன்னிரண்டாம் நாள். அவன் எல்லையோரம் இருக்கும் வால்வுக்கு முன்னால் கர்ணன் நின்றுகொண்டிருந்தான். “ஒரு மணி நேரம் மட்டும் மோட்டாரப் போட்டுத் தொறந்து விடுங்கக்கா. கன்னு தலை தொங்கிருச்சு” என்றான்.

“அன்னைக்கு மண்ணைத் தோண்ட விடாதவகளுக்கு இன்னைக்கு எங்க தண்ணி எதுக்கு?” என்று கேட்டு, அவன் கண்ணெதிரே வால்வுப் பெட்டியில் பூட்டைப் போட்டேன். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

வாழைக்கன்று போயிற்று. இரண்டு மாதத்தில் கர்ணன் என் போரிலிருந்து நூற்றைம்பது அடி தள்ளித் தன் நிலத்தில் தொள்ளாயிரம் அடிக்குப் போர் போட்டான். என்னுடையது ஐந்நூற்றிருபது அடி.

இப்போது அந்த மோட்டார்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனேன். கர்ணன் மறுபடி நட்டிருந்த வாழைக்கு வாய்க்காலில் நின்று மடை மாற்றிக்கொண்டிருந்தான். முழங்கால் வரைக்கும் சேறு.

“உன் மோட்டாரு ஓடுனா என் போர்ல காத்து வருது. தெரியுமா உனக்கு?”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சுமா ஓட்டுற?”

“என் நெலத்துல நான் போட்ட போரு” என்றான். சத்தம் உயரவில்லை. “நீங்க உங்க குழாயப் பூட்டுனீக. நான் ஒண்ணும் சொல்லலையே. அது உங்களுது. இது பூமி. இதுக்கு எந்தப் பெட்டியில பூட்டுப் போடுவீக?”

என்னென்னவோ திட்டினேன். அவன் மடையைக் கட்டி முடித்துவிட்டு, “நான் நிப்பாட்டுனா செல்வமணி அண்ணன் இறைச்சுக்கிருவாக. அவுக நாளைக்குப் போர் வண்டி கூப்புட்டிருக்காக. ஆயிரத்து இருநூறு அடி. நீங்களும் ஆழப் போடுங்க, வேற என்ன செய்ய” என்றான்.

செல்வமணி எங்கள் சங்க உறுப்பினர், எனக்கு மேல்பக்கத்துத் தோட்டம். அவனும் இறங்குகிறான் என்று கேட்டதும் திட்டு நின்றது, பதற்றம் பிடித்துக்கொண்டது. வரப்பிலேயே நின்று போன் போட்டேன். அதே வண்டி செல்வமணிக்கு முடித்ததும் எனக்கு வரவேண்டும், ஆயிரத்து முந்நூறு போகவேண்டும் என்றேன். இம்மானுவேல் மத்தியானம் சோற்றுக்கு வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். “அடுத்த வருசம் கர்ணன் ஆயிரத்து ஐநூறு போனா?” என்று மட்டும் கேட்டார். எழுந்துபோய்க் கை கழுவினேன்.

மறுநாள் காலையில் போர் வண்டி வந்தது. செல்வமணியின் தோட்டத்து மூலையில் நிறுத்தி, இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினார்கள். கம்ப்ரஸர் இரைச்சலில் பேச்சே கேட்கவில்லை. வெள்ளைப் பாறைத்தூள் பறந்து என் பந்தல் இலையெல்லாம் மாவு பூசியதுபோல் ஆகிவிட்டது. நான் காலையிலிருந்து அங்கேயே நின்றேன். அடுத்தது என்னுடையது என்பதால் வண்டியை விட்டுவிடக்கூடாது. செல்வமணி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

எண்ணூற்று நாற்பது அடியில் தண்ணீர் பீறிட்டது. செல்வமணி கைகூப்பினான். அவன் தோட்டத்து ஆட்கள் ஓவென்று கத்தினார்கள். ஆயிரம் அடியைத் தாண்டி வண்டிக்காரர் இரைச்சலை நிறுத்திய நேரத்தில் கீழே கர்ணன் தோட்டத்துப் பக்கம் ஏதோ சத்தம் மாறியது. என் காது அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டது. அவன் மோட்டார் இருமுகிறது.

எனக்குள் ஒரு சந்தோஷம் எழும்பியது. மறைக்க விரும்பவில்லை, சந்தோஷம்தான். அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கர்ணன் வரப்பில் ஓடிவந்தான், நேராக வண்டிக்காரரிடம் போனான். “அண்ணே, அக்காவுக்கு முடிச்சுட்டு எனக்கு. ஆயிரத்து ஐநூறு.”

வண்டிக்காரர் திருச்செங்கோட்டுப் பக்கம். டீக்குடிக்க இரைச்சலை நிறுத்தியிருந்தார். பாறையிலிருந்து வந்த தூளைக் கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “மூணு பேரும் ஒரே பாறை வெடிப்புலதானுங்க நிக்கறீங்க. இந்தக் கல்லு போன வருசம் அந்தத் தம்பிக்குப் போட்டப்பவும் வந்துது. உள்ள இருக்கற தண்ணி அவ்வளவேதான். யாரு ஆழத்துல இருக்கறாங்களோ அவங்களுக்கு மொதல்ல வரும். கொஞ்ச நாள்ல அவங்களுக்கும் வராது. எனக்கென்னங்க, போடச் சொன்னா போட்டுட்டுப் போறனுங்க.”

மனிதர் தன் பிழைப்பைத் தானே கெடுத்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டார். டீயை ஊதிக் குடித்தார். செல்வமணி ஆயிரத்து இருநூறு, நான் ஆயிரத்து முந்நூறு, கர்ணன் ஆயிரத்து ஐநூறு. பிறகு செல்வமணி மறுபடியும். கரண்டுக்குக் காசு கிடையாது, விவசாய மின்சாரம் இலவசம். எவனும் ஒரு நிமிடம் முன்னால் அணைக்கமாட்டான், அணைத்தால் அந்தத் தண்ணீர் அடுத்தவன் வாய்க்காலில் போகும். நான் மட்டும் புத்தியோடு இருந்தால் என் தோட்டம் மட்டும் காயும்.

“எனக்கு வேணாம். வண்டிய எடுத்துட்டுப் போங்க” என்றேன்.

செல்வமணியின் சிரிப்பு அகலமாயிற்று. கர்ணன் என்னையே பார்த்தான். நான் அவனிடம், “நீயும் ஒரு நாள் பொறு. ஒரே நாள். நாளைக்கு அஞ்சு மணிக்கு மோட்டார் ரூமுக்கு வா. அதுக்குப் பெறகு ரெண்டாயிரம் அடி போனாலும் கேக்க மாட்டேன்” என்றேன்.

“அங்கன நான் எதுக்குக்கா? நான் சங்கத்துல இல்லையே.”

“அதுக்குத்தான் வரச் சொல்றேன்.”

அவன் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வண்டிக்காரரிடம் ஏதோ முணுமுணுத்தான். செல்வமணிக்கு ஆயிரத்து இருநூறை முடித்த பிறகு வண்டி அன்று ரோட்டோரத்திலேயே நின்றது.

எங்கள் சங்கத் தலைவர் உத்தமபாளையம் ஹனீபா பாய். எழுபது வயது, நெல்லும் தென்னையும். அவர் நிலம் கீழே இருப்பதால் அவருக்குப் போர்ச் சண்டை எதுவும் இல்லை. அதனால்தான் அவரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தங்கச்சி, போன வருசம் நான் கையெழுத்துப் போட்டேன். நீதான் போடல. இப்ப நீயே வந்து கேக்குற” என்றார்.

“ஆமா பாய். தப்புப் பண்ணிட்டேன்.”

“அத நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லுவியா?”

சொல்வேன் என்றேன். சொல்வது சுலபம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மாலை ஆற்றோர மோட்டார் ரூமுக்கு முன்னால் பதினொரு பேரும் உட்கார்ந்தோம். கர்ணன் கொஞ்சம் தள்ளி மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான். பாய் என்னைப் பேசச் சொன்னார். முந்தின நாள் ராத்திரி இரண்டு தடவை எழுந்துபோய் டார்ச் அடித்துக் கொத்துகளைப் பார்த்தது ஞாபகம் வந்தது. ஏழெட்டு நாள்தான் இன்னும் தாங்கும்.

“பன்னெண்டாம் நாளு கர்ணனுக்குக் குடுக்கணும்” என்றேன். “போன வருசம் நான்தான் மறிச்சேன். அவுக அப்பா மேல இருந்த கோவம். அது தப்பு. இந்தக் கெணத்துல தண்ணி இருக்கு, குழாய்ல எடம் இருக்கு, மோட்டாரு ஒரு நாளு சும்மா கெடக்கு. அவன் எடுத்தா நம்ம யாருக்கும் ஒரு குடம் கொறையாது. பதிமூணாவது ஆளு வந்தாத்தான் எல்லார் முறையும் தள்ளிப்போகும். அப்ப வேணாம்னு சொல்லலாம், அதுல நாயம் இருக்கு. பன்னெண்டாவது ஆளுக்குச் சொல்ல ஒரு காரணமும் கெடையாது.”

செல்வமணி எழுந்தான். போன வருடம் போட்டவன்தான், ஆனால் இந்தத் தடவை பதினொரு பேரும் புதிதாகப் போடவேண்டும்.

“நான் போட மாட்டேன்” என்றான். “அன்னைக்கு மண்ணைத் தோண்ட விடாதவகளுக்கு இன்னைக்கு எங்க தண்ணி எதுக்கு? இது நான் சொல்லல, செக்ரட்டரி அக்கா சொன்னது. அக்கா போருல காத்து வந்ததும் நாயம் மாறிருச்சு. என் போருல தண்ணி இருக்கு.”

ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்து அடங்கியது. என் முகம் எரிந்தது. அவன் சொன்னது அத்தனையும் நிஜம். எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கர்ணன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுப்பதைப் பார்த்தேன். ரோட்டோரத்தில் வண்டி நிற்கிறது. இவன் இப்போது போனால் நாளைக்குக் காலையில் ஆயிரத்து ஐநூறு அடி.

“கர்ணா, இரு” என்றேன். அவன் நின்றான். செல்வமணி பக்கம் திரும்பினேன். “உன் போருல எப்பத் தண்ணி வந்துச்சு? எண்ணூத்தி நாப்பதுல. ஆயிரத்தத் தாண்டுனப்ப கர்ணன் மோட்டாரு இருமுச்சா இல்லையா?”

அவன் கர்ணனைத் திரும்பிப் பார்த்தான்.

“அவன் தண்ணிதான் உனக்கு வந்துச்சு. போன வருசம் என் தண்ணி அவனுக்குப் போன மாதிரி. இந்தா நிக்கிறான், நாளைக்கு ஆயிரத்து ஐநூறு போயிருவான். உன் தண்ணி அவனுக்குப் போகும். என் திராட்சை என்னுது, வேலி போட்டிருக்கேன், ஒருத்தன் பறிச்சா எனக்குக் கொறையும். தெருவிளக்கு எல்லாருக்கும், நான் அதுக்குக் கீழ நின்னா உனக்கு வெளிச்சம் கொறையாது. இந்தக் குழாய் ரெண்டுக்கும் நடுவுல. பூட்டவும் முடியும், எடமும் இருக்கு. பூமிக்குள்ள இருக்கிறது அதுவும் இல்ல. அதப் பூட்ட முடியாது, ஆனா எடுக்க எடுக்கக் கொறையும். நாம என்ன பண்ணுனோம்? பங்கு வச்சாலும் கொறையாததப் பூட்டி வச்சோம். கொறையிறத எவன் வேணும்னாலும் அள்ளுன்னு தொறந்து போட்டோம். பூட்டிக் கெடந்ததாலதான் அவன் கீழ தோண்டுனான். மோட்டாருக்குத் தேவையில்லாத ஓய்வு குடுத்தோம், பூமிக்கு ஒரு மணி நேரம் குடுக்கல.”

இவ்வளவு பேசியதில் எனக்கு மூச்சு வாங்கியது. பாய் தாடியைத் தடவிக்கொண்டே, “சரி, பூட்ட முடியாததுக்கு என்ன செய்யச் சொல்ற?” என்று கேட்டார்.

இதை இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். “மேட்டுல ஒரே வெடிப்புல மூணு போரு. பகல்ல ஒம்பதுல இருந்து நாலு மணி வரைக்கும் மும்முனைக் கரண்டு. ஆளுக்கு ரெண்டு மணி நேரம், தனித்தனியா. ஒம்பதுல இருந்து பதினொண்ணு செல்வமணி. பதினொண்ணுல இருந்து ஒண்ணு கர்ணன். ஒண்ணுல இருந்து மூணு நான். கடைசி ஒரு மணி நேரம் யாருக்கும் கெடையாது, ஊத்து ஊறட்டும். கர்ணனுக்குக் குழாய்த் தண்ணி வந்துட்டா அவனுக்கும் ரெண்டு மணி நேரம் போதும். இன்னும் ஆழப் போடுறதில்ல, மூணு பேரும்.”

“வாயில சொல்லலாம்” என்றான் செல்வமணி. “நான் பதினொண்ணுக்கு அணைப்பேன். அக்கா மூணு மணிக்கு அணைப்பீகளா? யாரு பாக்குறது? நான் வேலி ஏறி எட்டிப் பாக்கவா?”

“ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பூட்டுப் போடுவோம்” என்றேன். “சாவி சொந்தக்காரங்கிட்ட இருக்காது. உன் பெட்டிச் சாவி என்கிட்ட. கர்ணன் பெட்டிச் சாவி உன்கிட்ட. என் பெட்டிச் சாவி கர்ணன்கிட்ட. நேரத்துக்குத் தொறந்து விடணும், நேரத்துக்கு வந்து பூட்டணும்.”

அதுவரை பேசாமல் நின்ற கர்ணன், “என்கிட்டயா?” என்றான்.

“உன்கிட்டத்தான்.”

அவன் என் முகத்தைப் பார்த்த விதத்தில் அந்த வாழைக்கன்றுகள் எல்லாம் தெரிந்தன. நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

செல்வமணி உட்காரவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினான். பாய் அவசரப்படுத்தவில்லை. “செல்வமணி, நீ ஒருத்தன் போடாட்டி விதிப்படி இது நடக்காது. அது உன் உரிமை. அவன் ஆயிரத்து ஐநூறு போனா நீ ரெண்டாயிரம் போவியா, அத மட்டும் யோசிச்சுச் சொல்லு” என்றார்.

நல்லவேளை, யாரும் அவனை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் வீம்புக்குக் கிளம்பிப் போயிருப்பான். பிறகு, “கர்ணன் பெட்டிச் சாவி எனக்குத்தானே?” என்று இன்னொரு தடவை கேட்டான். ஆமாம் என்றேன். “எனக்கு மொத முறை, ஒம்பது மணி. அது மாறக்கூடாது.” மாறாது என்றேன். பேனாவைக் கேட்டு வாங்கினான்.

மற்றவர்களும் போட்டு முடித்ததும் நான் போட்டேன். ஒரு வருடம் தாமதமான பதினொன்றாவது கையெழுத்து. கர்ணன் அன்று எனக்கு நன்றி எதுவும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. போர் வண்டி இருட்டுவதற்குள் சின்னமனூர்ப் பக்கம் இறங்கிப் போனது.

அடுத்த நாள் புது முறையின் முதல் நாள். பதினொரு மணிக்குச் செல்வமணியின் பெட்டியைப் பூட்டப் போனேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், ஆனால் தானே அணைத்துவைத்திருந்தான். ஒரு மணிக்குக் கர்ணன் வந்து என் பெட்டியைத் திறந்துவிட்டுப் போனான். மோட்டாரைப் போட்டுவிட்டுக் குழாய் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம். இருபது நிமிடம். இருபத்தைந்தாவது நிமிடத்தில் ஒரு இருமல் வந்தது. எனக்கு உயிரே போயிற்று. இருமல் அடங்கித் தண்ணீர் மறுபடியும் விழுந்தது. முன்புபோல் முழு வாயில் இல்லை, முக்கால் வாய். அழுகை வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்பதால் அழுதேன்.

முக்கால் வாய்த் தண்ணீர் வாய்க்காலில் மெதுவாகத்தான் போகும். மண்வெட்டியோடு ஒவ்வொரு வரிசையாக மடை மாற்றிக்கொண்டே போனேன். இரண்டரைக்குப் பாதித் தோட்டம் தாண்டியிருந்தது. இரண்டே முக்காலுக்கு இன்னும் எட்டு வரிசை. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்க நேரமில்லை. மூன்று மணிக்கு நான்கு வரிசை பாக்கி. மேட்டோரத்து வரிசைகள், மண் ஆழமில்லாதவை, முதலில் காயக்கூடியவை. தண்ணீர் அந்த மடைக்குப் பத்தடி தூரத்தில் மண்ணை நனைத்து நகர்ந்துகொண்டிருந்தது.

வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு கர்ணன் வந்தான். கையில் பூட்டு.

நான் நிமிர்ந்து நின்றேன். அவன் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்தான். பார்க்கத் தெரிந்தவன். எத்தனை வரிசை பாக்கி என்று கணக்குப் போட அவனுக்கு ஒரு நொடி போதும். கரண்டு நாலு மணி வரைக்கும் இருக்கிறது. நானும் அவனும் மட்டும்தான் அங்கே. பூட்டை இரண்டு கைக்கும் மாற்றிக்கொண்டே, “இன்னும் பதினஞ்சு நிமிசம் விடவாக்கா?” என்று கேட்டான்.

கேலியா, பரிவா என்று முகத்தைத் தேடினேன். கேலி இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்று வால்வுக்கு முன்னால் நின்ற அதே ஆள்தான் கேட்கிறான். இவனுக்கு அன்று ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. எனக்குக் கால் மணி நேரம் தானாகவே வருகிறது. வாங்கிக்கொள்ளத்தான் மனசு அடித்துக்கொண்டது. இந்த நான்கு வரிசையை நான் என் கையால் நட்டேன்.

மேலே செல்வமணி தோட்டத்து வரப்பில் ஒரு தலை தெரிந்தது. துண்டு கட்டிய தலை. அவன் கூப்பிடவில்லை, கை காட்டவில்லை, சும்மா நின்றான். அவன் பதினொரு மணிக்கு அணைத்தபோது அவன் வாய்க்காலும் எங்கோ பாதியில்தான் நின்றிருக்கும்.

“வேணாம் கர்ணா” என்றேன். “பூட்டு.”

அவன் ஸ்டார்ட்டரை அணைத்தான். வாய்க்காலில் இருந்த தண்ணீர் இன்னும் மூன்றடி நகர்ந்தது, மடை வரைக்கும் எட்டவில்லை, மண்ணில் இறங்கிவிட்டது. பூட்டுப் போடும் சத்தம் கேட்டது. சாவியை அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “பன்னெண்டாம் நாளு என் முறை வர்றப்ப இந்த நாலு வரிசைக்கு…” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான்.

“அது உன் தண்ணி. உன் வாழைக்குப் பாய்ச்சு” என்றேன்.

வரப்பில் நின்ற தலை மறைந்தது. கர்ணன் படலைச் சாத்திவிட்டுப் போனான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்த நான்கு வரிசைக்குப் போய், கடைசிப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்தேன். தலைக்கு மேலே பச்சைக் கொத்துகள். நாளைக்கு இங்கிருந்து தொடங்கினால் வேறு நான்கு வரிசை விட்டுப்போகும், இவற்றை விட்டால்தான் மற்ற வரிசைகளில் பழம் தப்பும். இவற்றை இந்த வருடம் பறிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.